ஐந்நூறுக்கு மேலே பன்னிரண்டு சதவீதம்

மில்லில் பர்ச்சேஸ் பார்க்கிற உமாசங்கர் அடுத்தவர் தலையில் மிளகாய் அரைப்பதில் கெட்டிக்காரர். அது தெரிந்தும் நான் அவருக்கு வருஷா வருஷம் கொட்டேஷன் கொடுக்கிறேன். தீபாவளிக்குப் பரிசுப் பெட்டி கேட்டு வருகிற கம்பெனிகளில், பில் போட்ட முப்பதாவது நாள் பணம் அனுப்புகிற ஒரே கம்பெனி அந்த நூற்பாலைதான். மற்றவர்கள் பொங்கலுக்கு இழுப்பார்கள்.

எங்கள் கடை தென்காசியில் குற்றாலம் ரோட்டில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் பேக்கிங் கூடம். இந்த வருஷப் பெட்டியில் ஐந்து சாமான்: இருநூறு கிராம் முந்திரி, கால் கிலோ நேந்திரங்காய் சிப்ஸ், கால் கிலோ கருப்பட்டி, ஒரு சின்ன பாட்டில் மலைத்தேன், ஐம்பது கிராம் மிளகு. விலை 780 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. நூறு பெட்டிக்கு மேலே மூன்று சதவீதம் தள்ளுபடி, இருநூற்றைம்பதுக்கு மேலே ஆறு, ஐந்நூறுக்கு மேலே பன்னிரண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏன் இந்தத் தாவல் என்று எல்லாரும் கேட்பார்கள். கம்பெனிப் பெயர் அச்சடித்த பெட்டியைச் சிவகாசியில் ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்கள். கொல்லத்திலிருந்து வரும் முந்திரியும் பத்து டின் எடுத்தால்தான் விலை இறங்கும். ஐந்நூறு வந்தால் எனக்கே அடக்க விலை குறைகிறது, அதில் பாதியை உங்களுக்குத் தருகிறேன், அவ்வளவுதான் விஷயம்.

"512 பெட்டி மேடம்," என்றார் உமாசங்கர். "பெர்மனென்ட் முந்நூறு, கான்ட்ராக்ட் இருநூத்திப் பன்னெண்டு. எல்லாத்துக்கும் ஒரே பெட்டி. பன்னெண்டு பெர்சென்ட் போட்டுக் குடுங்க."

ஒரு பெட்டி 686 ரூபாய் 40 காசு ஆயிற்று. எனக்கு அடக்கம் 606. சாமான் 480, பெட்டி 95, கட்டும் கூலி 22, வண்டி 9. மீதி எண்பது சொச்சம். மோசமில்லை. சிவகாசிக்கு அன்றைக்கே ஆர்டர் சொல்லிவிட்டேன்.

பேக்கிங்கைப் பார்த்துக்கொள்வது இராமலட்சுமி. அவளும் எட்டுப் பெண்களும். ஒன்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள். ஆர்டர் விவரத்தைச் சொன்னதும், கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கான்ட்ராக்ட் ஆளுவளுக்கும் உண்டாக்கா?"

"உண்டு. ஒரே பெட்டிதான்."

அவள் மகள் மாரி அந்த மில்லில் எட்டு மாதமாகக் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறாள். பண்பொழியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாமியார்க்காரிக்கு இதே பேச்சு, 'மில்லு வேலைங்கா, வயக்காட்டுக் கூலிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்' என்று. பக்கத்து வீட்டில் ஒருத்தி அதே மில்லில் பெர்மனென்ட். போன தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு வந்த பெட்டியைத் தெருவே பார்த்ததாம்.

"இந்த வருசம் எம்மவளும் மில்லுப் பேரு போட்ட பெட்டியத் தூக்கிட்டுப் போவா," என்றாள் இராமலட்சுமி. "அந்தப் பொம்பள வாய அது ஒண்ணுதான் அடைக்கும்." அவள் இப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது உமாசங்கர் போன் செய்தார். பெட்டிகள் சிவகாசியிலிருந்து வந்து இறங்கியிருந்தன.

"மேடம், மேலிடத்துல பட்ஜெட்டக் குறைச்சிட்டாங்க. முந்நூறு போதும். கான்ட்ராக்ட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்துக்கிடுதோம். ரேட்டு மட்டும் அதே 686 போட்டுருங்க."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஐந்நூறு என்று சொல்லி விலையை வாங்கிவிட்டு முந்நூறு எடுப்பது இந்த வியாபாரத்தில் புதுசு ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் கொட்டேஷனில், தள்ளுபடி எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கைக்கே, அச்சடித்த பெட்டி வாங்குபவர் பொறுப்பு என்று இரண்டு வரி போட்டிருக்கிறேன். அவர் அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆனால் போனில் சண்டை போட்டால் அடுத்த வருஷம் மதுரைக்காரன் வந்து உட்கார்ந்துவிடுவான். நேரில் வருகிறேன் என்றேன்.

கூடத்தில் இராமலட்சுமி போன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஸ்வீட் பாக்ஸா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணப் போய்விட்டாள்.

அன்று முழுக்கக் கால்குலேட்டரைத் தட்டினேன். முந்நூறுக்கு ஆறு சதவீதம்தான். 733 ரூபாய் 20 காசு வீதம் 2,19,960. வீணாகும் 212 பெட்டிக்கு 95 வீதம் 20,140. ஸ்வீட் பாக்ஸ் ஒன்று 180 என்று அவரே சொல்லியிருந்தார், அது 38,160. மொத்தம் 2,78,260 ரூபாய் மில் எப்படியும் செலவழிக்கத்தான் போகிறது. அதற்குப் பதில் 512 பெட்டியும் என்னிடமே எடுத்தால் ஐந்து சாமானும் உள்ள பெரிய பெட்டி பழையபடி 686.40, முந்நூறுக்கு 2,05,920. மிச்சம் இருக்கிற பணத்தை 212ஆல் வகுத்தால் தலைக்கு 341 ரூபாய் வருகிறது. ஆக, அதே அச்சடித்த பெட்டியில் 340 ரூபாய்க்கு ஏதாவது வைத்துக் கொடுக்க முடிந்தால் மில்லுக்கு ஒரு பைசாவும் கூடுதலாகாது.

சிப்ஸ் 95, கருப்பட்டி 80, பெட்டி 95, கூலி 22, வண்டி 9. மொத்தம் 301. முந்திரி, தேன், மிளகு மூன்றையும் எடுத்துவிட்டால் முப்பத்தொன்பது ரூபாய் எனக்கும் நிற்கும். கணக்கு அப்படியே நூல் பிடித்த மாதிரி வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் உமாசங்கர் மேசையில் தாளை வைத்தேன். அவர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

"எனக்கு இருநூத்தி அறுபது ரூவா மிச்சம் வருதே."

"வச்சுக்கிடுங்க சார்."

சிரித்தார். "கட்டுற கூலி ரெண்டுக்கும் இருபத்திரெண்டா? ரெண்டு சாமானுக்குக் குறைக்கலாம்லா?"

"காலி இடத்துக்குக் காகிதத் துருவல் அடைக்கணும் சார். அதுக்கும் கை வேணும்."

சரி என்று ஒத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "எது எதுன்னு எப்படித் தெரியும்? சின்னதுக்கு மேல ஒரு 'சி' எழுதிருங்க," என்றார்.

"பெட்டி மேல ஒண்ணும் எழுத மாட்டேன். வெளி அட்டைப்பெட்டியில எழுதுதேன். பத்துப் பத்தா அடுக்கித் தாரேன். பிரிக்கிறப்ப ஒங்க ஆளுவ பாத்துக்கிடட்டும்."

வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமைதான். இராமலட்சுமியிடம் சொன்னேன், "ஒம்மவளுக்குப் பெட்டி வந்தாச்சு." அவள் முகம் மலர்ந்தது. உள்ளே என்ன என்று கேட்டாள். சொன்னேன். அது என் கணக்கு என்பதையும் சொன்னேன்.

"வெளிய ஒண்ணு போலத்தான இருக்கும்?"

"ஒண்ணு போலத்தான்."

"அப்பஞ்சரி. தெருவுல தூக்கிட்டுப் போறப்ப உள்ள இருக்கது யாருக்குத் தெரியப்போவுது."

ஏழு நாளில் கட்டி முடித்தார்கள். பெரிய பெட்டிகளை இரண்டு பெண்களிடம் விட்டுவிட்டு, சின்னப் பெட்டி அத்தனையையும் இராமலட்சுமியே பார்த்துக்கொண்டாள். துருவலை மேலே தெரிகிற மாதிரி குவிக்காமல் அடியில் மெத்தையாகப் போட்டு, அதன் மேல் இரண்டு பாக்கெட்டையும் உயர்த்தி வைத்தாள். மூடியைத் திறந்தால் பெட்டி நிறைந்திருப்பதுபோல் இருந்தது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சரக்கு அனுப்பும் அன்று காலையில் முந்திரியில் ஒரு பாக்கெட் குறைந்தது. மேசை டிராயரில் எந்த பில்லிலும் சேராத இருநூறு ரூபாய் கிடந்தது. ஒரு பாக்கெட்டின் கொல்லத்து ரேட்டும் அதுதான்; அதை அறிந்தவர்கள் கடையில் நானும் இராமலட்சுமியும் மட்டும். நான் நோட்டை எடுத்துக் கல்லாவில் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணிக் கொடுப்பதற்கு இராமலட்சுமிதான் வண்டியோடு மில்லுக்குப் போவாள். கான்ட்ராக்ட் பெட்டிகளை வாசலிலேயே ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் கொடுத்தார்கள். மாரியின் பெட்டியை அவளே எடுத்து மகள் கையில் கொடுத்தாளாம். வந்ததும் சொன்னாள், "ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஏறுனாக்கா."

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் உமாசங்கர் கூப்பிட்டார். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

"என்ன மேடம் இது. கான்ட்ராக்ட்ல ஒரு பொண்ணு, முந்திரி வந்துச்சு, பாயாசம் வச்சோம்னு கேன்டீன்ல சொல்லிருக்கு. மத்த இருநூத்திப் பதினோரு பேரும் எங்களுக்கு எங்கன்னு சூப்பர்வைசரச் சுத்தி நிக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாக்கெட் குடுங்க, இல்லன்னா பில்லுல கழிச்சிருவேன்."

நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் விஷயம். "பேக்கிங்ல வந்த தப்பு சார். ஒரு பாக்கெட் மாறி விழுந்திருக்கு," என்றேன்.

"அப்ப அப்படியே எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டுதேன். தப்பா வந்ததுன்னா திரும்ப வந்தாத்தான் மத்தவங்க நம்புவாங்க. அந்தப் பொண்ணே ஒங்க கடையில கொண்டாந்து குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வரட்டும்."

எழுதிக் கொடுத்தேன். வேறு வழி இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். இருந்தது, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் ஆகும் வழி. அதை நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் மாரி வந்தாள். உள்ளே இராமலட்சுமி ஒரு ஆஸ்பத்திரி ஆர்டருக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். மாரி என் மேசையில் ஒரு முந்திரிப் பாக்கெட்டை வைத்தாள். அது எங்கள் பாக்கெட் இல்லை. ஏதோ கடையில் வாங்கியது, விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை, 265 ரூபாய்.

"ஒங்க பாக்கெட்டு பாயாசத்துல போயிட்டு," என்றாள். "இதுக்கு ரசீது தாங்க."

"இது வேண்டாம் பிள்ள. கொண்டு போ. ரசீது நான் எழுதித் தாரேன்."

"வேண்டாம். தப்பா வந்ததுன்னு ஒட்டிருக்காவ. தப்பா வந்தது எனக்கு எதுக்கு."

இராமலட்சுமி கூடத்து வாசலில் வந்து நின்றாள். மாரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் கோபமாக இருந்தால்கூட என்னால் சமாளிக்க முடிந்திருக்கும்.

"யம்மா, பெட்டியில எல்லாத்துக்கும் முந்திரி இருக்குன்னு நெனச்சுத்தான் கேன்டீன்ல சொன்னேன். பெர்மனென்ட்டுக்கு அஞ்சு, எங்களுக்கு ரெண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியும். ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்ட்டீ. ரெண்டையும் நாங்கதான கட்டுனோம்."

"இப்படிப் பிரிச்சு வைக்கச் சொன்னது யாரு? மில்லுக்காரங்களா?"

ரசீதுப் புத்தகம் என் கையில் இருந்தது. இராமலட்சுமி என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கெப்படிட்டீ தெரியும்," என்றாள். "சொன்னதக் கட்டுனேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ரசீதைக் கேட்டாள். 'முந்திரி 200 கிராம், ஒரு பாக்கெட், திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.