போயும் போகாதவர்

அவள் புருஷனுடைய அண்ணனுக்கு அந்தத் தெருவில் சட்டப்புலி என்று பேர். சட்டம் படித்ததால் வந்த பேர் இல்லை. டீக்கடையில் யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் படிக்காமலேயே பதில் சொல்லுவார், அதனால் வந்தது. அந்தப் புலிதான் இன்று வக்கீலம்மா ஆபீசில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஓட்டல் சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்த இவள், பக்கத்து நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விசா முடிந்தும் தங்கியதற்காக அவள் புருஷனை நாட்டை விட்டுப் போகச் சொல்லி, ஐந்து வருஷம் திரும்பி வரக்கூடாதென்று தடையும் போட்டிருந்தார்கள். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. தடையில் பாதிக்கு மேல் வெளியே கழித்தவர், தகுந்த காரணம் இருந்தால், தடையை முன்கூட்டியே நீக்கச் சொல்லிக் கேட்கலாம். இங்கே பெண்டாட்டிக்கு முறையான அனுமதி இருக்கிறது, இங்கேயே பிறந்த மகள் இருக்கிறாள். இதைவிட என்ன காரணம் வேண்டும்? அப்பன் முகத்தைப் போனில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளை அது. அப்படிக் கேட்டுப் போட்ட மனுவுக்குத்தான் பதில் வந்திருந்தது.

"நிராகரிச்சிட்டாங்க. அவர் வெளியே போனதுக்கே ஆதாரம் இல்லையாம்," என்றார் வக்கீலம்மா. "தடையை உத்தரவு போட்ட நாள்லருந்து எண்ண மாட்டாங்கம்மா. ஆள் நிஜமா வெளியேறின நாள்லருந்துதான் எண்ணுவாங்க. அவங்க கணக்குல உங்க வீட்டுக்காரர் இன்னும் இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கார். எந்த ஏர்போர்ட் வழியா போனார்?"

புலி நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஏர்போர்ட்டா? நல்லா இருக்கே! அங்க போனா பிடிச்சு சீல் குத்திடுவான்ல? காய்கறி லாரில பார்டர் தாண்டி விட்டுட்டேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"சரி, பக்கத்து நாட்டுலருந்து ஊருக்குப் பிளேன்ல போயிருப்பார்ல? பாஸ்போர்ட்ல அங்க இறங்கின முத்திரை இருந்தாகூடப் போதும்."

"அந்த பாஸ்போர்ட்டை நான்தான் கொளுத்தினேன். தடை அதுலதானே இருக்கு? என் மச்சினன் பாஸ்போர்ட்ல ஏத்தி அனுப்பிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட மூளை கெட்ட ஜென்மமே! பாஸ்போர்ட்டைக் கொளுத்தினால் தடையும் சாம்பலாகிவிடுமா? புருஷனின் கைரேகை பதிவில் இருக்கிறது, தடையும் அங்கேதான் இருக்கிறது. போகச் சொன்னவர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் போயிருந்தால், இந்நேரம் பாதித் தூரம் தாண்டியிருக்கலாம். திருட்டுத்தனமாக வருகிறவனைப் பார்த்திருக்கிறோம், திருட்டுத்தனமாகப் போன கோமாளியை யார் பார்த்தது? இந்த வீரப் பிரதாபத்தை அவள் புருஷனும் மூன்று வருஷமாகப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இவளும் கூடச் சிரித்திருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"இப்ப என்னம்மா வழி?" என்றாள்.

"அங்க இருக்கற இந்த நாட்டுத் தூதரகத்துக்கு அவர் நேர்ல போகணும். நான் வெளியேதான் இருக்கேன்னு ஆளைக் காட்டிப் பதிவு பண்ணிக்கணும். பழைய தேதியை நிரூபிக்க முடியலைன்னா அந்த நாள்லருந்துதான் ஐந்து வருஷம். அதுலயும் பாதி போகணும், அப்புறம்தான் மறுபடி கேட்கலாம். கேட்டா கிடைக்கும்னு உறுதியும் இல்லை. தடை போனாலும் விசா தனியா வாங்கணும்."

"இதெல்லாம் வேலைக்காகாது," என்று எழுந்தது புலி. "அதே லாரிக்காரன் இன்னும் ஓட்டறான். போன மாதிரியே கூட்டி வந்துடலாம்."

"தடை இருக்கும்போது அப்படி வந்து மாட்டினா அது குத்தம். தடை இன்னும் நீளும், நீக்கச் சொல்லிக் கேட்க வாயே இருக்காது," என்றார் வக்கீலம்மா.

"அத்தான், வாயை மூடிக்கிட்டு வெளியே போய் நில்லுங்க," என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை. புலி வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் போனில் கூப்பிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"நாளைக்கே தூதரகத்துக்குப் போங்க. இன்னும் எத்தனை வருஷமானாலும் நான் இருக்கேன். நேர் வழில வாங்க, போதும்," என்றாள்.

"யார் பாஸ்போர்ட்ல வந்தேன்னு கேட்டா?" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்க. வர்றது வரட்டும்."

"நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. லாரிக்காரன் இருக்கான்னு அண்ணன் இப்பதான் போன் பண்ணார். எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

அவள் போனை அணைத்துவிட்டாள். மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள்.

"போன்ல யாரும்மா? அப்பாவா?"

"இல்லடி," என்றாள். "உன் பெரியப்பாவோட தம்பி."