பதினேழு இடத்திலும் சொத்து

வக்கீல் ஆபீசில் பத்திரங்களைத் தமிழாக்கித் தரும் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். என்றோ ஒரு குத்தகைப் பத்திரத்தில் ஒரு கமாவுக்காக அரை மணி நேரம் நின்று சண்டை போட்டாள் என்று குமாஸ்தா வைத்த பெயர் அது. முகத்துக்கு நேரே "மேடம்" என்பார், அவள் படியிறங்கியதும் "கமா கிளம்பிருச்சு" என்பார். அவளுக்கும் அது தெரியும். முத்திரையும் கையெழுத்தும் போட்டு "இது மூலத்தின் உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கொடுப்பது அவள்தானே. நாளைக்கு வம்பு வந்தால் கோர்ட்டுக் கூண்டில் குமாஸ்தாவா ஏறப்போகிறார்?

அன்று காலை ஒரு வீட்டு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். ஆங்கில மூலத்தை வக்கீல் எழுதியிருந்தார். வாங்குகிறவள் தையல்காரி. அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அதனால் இரண்டு பிரதிக்கும் இடையே வேறுபாடு வந்தால் தமிழ்ப் பிரதிதான் செல்லும் என்று ஒரு ஷரத்தே போட்டிருந்தார்கள். தமிழாக்கம் கமா அக்காவுடையது. நாலு நாள் முன்பே அனுப்பிவிட்டாள்.

விற்கிறவர் ஓய்வு பெற்ற தபால்காரர். பேனாவைத் திறந்து கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு மத்தியானம் பஸ்ஸு. சீக்கிரம் முடிச்சிட்டா நல்லாருக்கும்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"வாசிக்காம முத்திரை குத்த மாட்டேன் சார்" என்றாள் கமா அக்கா. மேசையில் மூலத்தை இடப்பக்கமும் தமிழை வலப்பக்கமும் வைத்து, ஸ்கேலை வரிக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எழுதுனதைத்தானே மேடம் வாசிக்கிறீங்க" என்றார் குமாஸ்தா.

இரண்டாம் பக்கம் வருவதற்குள் ஸ்கேல் நின்றுவிட்டது. இது அவள் எழுதியது இல்லை.

"யாரு இதுல கை வச்சது?"

குமாஸ்தா கூச்சத்தோடு சிரித்தார். பாராட்டு வருகிறது என்று நினைத்துவிட்டார், பாவம். கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பரிசு அவரை விடவில்லை.

"கொஞ்சம் மெருகேத்தினேன் மேடம். நீங்க சொத்து, சொத்து, சொத்துன்னு ஒரே வார்த்தையைப் போட்டிருந்தீங்க. பதினேழு இடத்துல. வாசிக்கிறவங்களுக்குச் சலிச்சுப் போகாதா? அதான் ஒரு இடத்துல வீடு, ஒரு இடத்துல இல்லம், ஒரு இடத்துல மனைன்னு மாத்தி மாத்திப் போட்டேன். இப்பப் பாருங்க, நடை எப்படி ஓடுதுன்னு."

கமா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையிலேயே அடித்துக்கொண்டாள், ஸ்கேல் கீழே விழுந்தது.

"இது கட்டுரைப் போட்டி இல்ல. முதல் ஷரத்துலயே சொல்லியாச்சு, சொத்துன்னா அட்டவணையில இருக்கற மூணும் சேர்த்துன்னு. ஒண்ணு நிலம், ரெண்டு வீடு, மூணு பின்பக்கக் கொட்டகை. அதுக்கப்புறம் எங்கெல்லாம் அந்த மூணையும் சொல்றோமோ, அங்கெல்லாம் அதே வார்த்தைதான் வரணும். வார்த்தையை மாத்தினா வேற பொருளைச் சொல்றீங்கன்னுதான் ஜட்ஜ் எடுத்துக்குவாரு."

"ஒரே அர்த்தம்தானே மேடம்."

"ஒரே அர்த்தமா? ஒன்பதாவது ஷரத்தைப் பாருங்க." அவள் விரலை வைத்த இடத்தில், விற்பவர் மாதக் கடைசிக்குள் "வீட்டின் காலி சுவாதீனத்தை" ஒப்படைக்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது. "ஆள், சாமான் எதுவும் இல்லாம காலி பண்ணிச் சாவி குடுக்கணும். எதை? நான் எழுதினது சொத்தை. நீங்க போட்டது வீட்டை. வீடு அட்டவணையில ரெண்டாவது. மூணாவது எங்க போச்சு?"

தையல்காரி அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். "மூணாவதுன்னா கொட்டகையாக்கா?"

"ஆமாம்மா."

"நான் வாங்கறதே கொட்டகைக்குத்தானே. எட்டு மெஷின் அங்கதான் போடப்போறேன். இப்ப இருக்கற இடத்தை மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"டைப்பிங் தப்புதானே, திருத்திக்கலாம்" என்று வக்கீல் சமாதானமாகச் சொன்னார். எல்லாவற்றையும் பூசி மெழுகுவதில் அவர் கெட்டிக்காரர்.

அப்போதுதான் தபால்காரர் பேனாவை மூடினார்.

"எதுக்குத் திருத்தணும்? இப்படியே இருக்கட்டும். நான் இதைத்தான் ராத்திரி வாசிச்சேன். சம்மதம்னு வந்தேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "பேசினது மூணும் சேர்த்துத்தானே? இங்கிலீஷ்ல அப்படித்தானே இருக்கு?"

"தமிழ்தானே செல்லும்னு நீங்களே எழுதியிருக்கீங்க." தபால்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "விக்கறது மூணையும்தான். நான் மறுக்கல. ஆனா கொட்டகையில என் தம்பி சாமான் கிடக்கு. பழைய கதவு, ஜன்னல் வியாபாரம். காலி பண்ணுடான்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. பேப்பர்ல வீடுன்னு மட்டும் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அவனாச்சு, இந்தம்மாவாச்சுன்னு..."

கமா அக்கா கீழே கிடந்த ஸ்கேலை எடுத்து மேசையில் தட்டினாள். ஒருத்தர் அழகுக்கு மாற்றினாராம், இன்னொருத்தர் அதைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டாராம், இந்தப் பெண் எட்டு மெஷினோடு தெருவில் நிற்க வேண்டுமாம். அதன் அடியில் இவள் முத்திரை.

"மேடம், ஒன்பதாவதை மட்டும் இப்படியே விட்டுட்டு, கொட்டகைக்குத் தனியா பின்னாடி ஒரு கடிதம் வாங்கிக்கலாமா?" என்று வக்கீல் மெதுவாக இழுத்தார்.

"நீங்க மூலத்தையே மாத்துங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதை அப்படியே தமிழ்ல கொண்டு வரேன். அங்க ஒண்ணும் இங்க ஒண்ணுமா வச்சுக்கிட்டு உண்மையான மொழிபெயர்ப்புன்னு எழுத மாட்டேன்." பிறகு தபால்காரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க தம்பிகிட்ட நீங்க பேச வேண்டியதை என் தமிழ் பேசாது."

தையல்காரி பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "மூலத்தை மாத்த எனக்குச் சம்மதம் இல்ல" என்றாள். "கொட்டகை இல்லைன்னா வீடு வேண்டாம். அடுத்த மாசம் எங்க போவேன்னு தெரியல. ஆனா வேண்டாம்."

அவள் எழுந்துவிட்டாள். கதவுவரை போய்விட்டாள். தபால்காரர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"தம்பி, கொட்டகையைக் காலி பண்ணணும்டா. மாசக் கடைசிக்குள்ள."

அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "வீடு விக்கப்போறேன்னு ஊரே சொல்லுச்சுண்ணே. நீதான் சொல்லல. முன்னாடியே சொல்லியிருந்தா மழைக்கு முன்னாடி எடுத்திருப்பேன்ல?"

"சொல்லியிருக்கணும்டா."

"சரி விடு. வண்டி பார்க்கறேன்."

அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று கமா அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

குமாஸ்தா அவளுடைய பழைய கோப்பைத் திறந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்செடுத்தார். அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பஸ் போய்விட்டது. தபால்காரர் பேனாவை மறுபடி திறந்து கையில் பிடித்துக்கொண்டார்.

கதவிலிருந்து திரும்பி வந்த தையல்காரி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். சொத்து என்ற இடம் வந்ததும் விரலை வைத்தாள்.

"இதுல கொட்டகை உண்டாக்கா?"

"உண்டும்மா."

அடுத்த இடம் வந்தது. "இதுல?"

"உண்டு."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். வேறு நாளாக இருந்தால் நாலாவது கேள்வியிலேயே கமா அக்கா சீறியிருப்பாள். அவள் பொறுமை அப்படி. அன்று சீறவில்லை. ஸ்கேலை ஒவ்வொரு வரியாக இறக்கினாள், அந்த விரலும் கூடவே இறங்கியது. பதினேழாவது தடவை கேட்டபோதும் தையல்காரி பக்கம் திரும்பி, உண்டும்மா என்றாள்.