நள்ளிரவில் வண்டி எங்கே இருக்கும்?

அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியும் சூப்பரிண்டெண்ட் வீட்டில் கோப்பு இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. எரிவாயு சிலிண்டருக்கே ஒரு கோப்பு உண்டு. அப்படிப்பட்டவர் மகளைத் தலைநகருக்குத் தேர்வெழுத அழைத்துப் போவதென்றால் கேட்க வேண்டுமா? பச்சை அட்டை போட்ட கோப்பு திறக்கப்பட்டது. மேலே பெரிய எழுத்தில்: "பயணம் – முன்னெச்சரிக்கைகள்."

விஷயமும் சாதாரணமானதல்ல. மகள் நர்ஸ் படிப்பு முடித்தவள். பதிவுக்கான செய்முறைத் தேர்வு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். போன தடவை காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேலை தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி, இந்த முறையும் பதிவு எண் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மரியாதையாகக் கடிதம் எழுதியிருந்தது.

ஞாயிறு இரவு எட்டு மணி ரயில். திங்கள் காலை ஆறுக்குச் சேரும். முன்பதிவு திறந்த நிமிடத்திலேயே இரண்டு கீழ்ப் படுக்கைகளை எடுத்தவர் அவர். அந்த வீரக் கதையைத் தெருவில் கேட்காதவர் இல்லை.

வெள்ளிக்கிழமை ரயில் ஊழியர் சங்கத்தின் வேலைநிறுத்த அறிவிப்பு வந்தது. ஞாயிறு நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம். சூப்பரிண்டெண்ட் அதை அச்செடுத்தார், துளையிட்டார், கோப்பில் சேர்த்தார், ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதித் தேதியுடன் கையெழுத்திட்டார். முப்பத்திரண்டு வருட அனுபவத்தில், ஒரு சுற்றறிக்கையை இதைவிட அதிகமாக யாரும் எதுவும் செய்துவிட முடியாது என்பது அவர் முடிவு.

"பாத்தாச்சு, சரி. அப்புறம்?" என்றாள் மனைவி.

"அப்புறம் என்ன அப்புறம்? ஸ்டிரைக் பன்னெண்டு மணிக்கு. நம்ம வண்டி எட்டு மணிக்கே கிளம்பிடுது. நாலு மணி நேரம் கையில இருக்கு."

"கிளம்பிடும். போய்ச் சேருமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுடி."

சனிக்கிழமை காலை வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை. மலைப்பாதை மாவட்டத்தில் ஞாயிறு மாலை ஆறு முதல் திங்கள் நண்பகல் வரை கனமழை, மண்சரிவுக்கு வாய்ப்பு, இரவுப் பயணத்தைத் தவிர்க்கவும். அதையும் துளையிட்டார். அதையும் பார்த்தார். ரயில் மலையைச் சுற்றிப் போவது, அதற்குக் கவலையில்லை. ரயில் கைவிட்டால் ஞாயிறு இரவு பஸ் என்று அவர் எழுதி வைத்திருந்த மாற்றுத் திட்டம் அதே மலைப்பாதையில், அதே மழைக்குள்தான் போகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு தாளும் கோப்பில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றை ஒன்று சந்தித்ததேயில்லை.

மத்தியானம் மகளையும் கூட்டிக்கொண்டு கடைவீதியிலிருந்த டிராவல்ஸுக்குப் போனார். ஆலோசனை கேட்க அல்ல. இத்தனை ஒழுங்கான கோப்பை அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவராவது பார்த்துப் பாராட்ட வேண்டாமா?

டிராவல்ஸ் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கம் பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினாள். பக்கத்துத் திரையில் ரத்துப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்."

சூப்பரிண்டெண்ட் ஒரு அங்குலம் உயர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு இந்த வண்டி எங்க இருக்கும்?"

"எங்கன்னா... வழியில இருக்கும்."

"வழியில ஜங்ஷன்ல ஒண்ணரை மணிக்கு டிரைவர் மாறுவாரு. இவரு டூட்டி முடிஞ்சு இறங்கிடுவாரு. ஏற வேண்டியவரு ஸ்டிரைக்ல இருப்பாரு. போன வருஷம் ரெண்டு வண்டி அங்கதான் விடியற வரைக்கும் நின்னுச்சு. இன்னும் கேட்டா, நாளைக்குச் சாயங்காலம் ரயில்வேயே ரத்து பண்ணினாலும் பண்ணும். வழியில நிறுத்துறதுக்கு அது மேல்."

"பேச்சுவார்த்தை நடக்குதும்மா. பேப்பர்ல போட்டிருக்கான். கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிடுவாங்க."

"வாங்கலாம் சார். பாதி ஸ்டிரைக் அப்படித்தான் முடியுது. ஆனா அது எத்தன மணிக்குத் தெரியும்? வாங்கலன்னு நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்குத் தெரிஞ்சு உங்களுக்கு என்ன பிரயோஜனம்? அப்ப பஸ் போற மலையில மழை பிடிச்சிருக்கும்."

மகள் பையின் வாரைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"சரி, வேற வழி?" என்று அவளே கடைசியில் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ். பதினொண்ணுக்குள்ள மலை தாண்டிடும். நாலு மணிக்கு ஊர். எச்சரிக்கையே ஆறு மணிக்குத்தானே ஆரம்பிக்குது. ரெண்டு சீட்டு இருக்கு, கடைசி வரிசை."

"கடைசி வரிசையா!" என்றார் கீழ்ப் படுக்கைகளின் சொந்தக்காரர். "நான் நாளைக்குக் காலையில நிலைமையை மறுபரிசீலனை பண்ணிட்டு..."

"நாளைக்குக் காலையில பஸ் போயிருக்கும் சார்."

சூப்பரிண்டெண்ட் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு விஷயம் அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அத்தனை வருட உத்தியோகத்தில் அவர் ஒரு முடிவும் எடுத்ததில்லை. எல்லாவற்றையும் அழகாகத் தொகுத்து, "தங்கள் மேலான ஆணைக்கு" என்று எழுதி மாடிக்கு அனுப்பியிருக்கிறார். இந்தக் கடைக்கு மாடி இல்லை. தலைக்கு மேலே ஒரு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

மகளைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பார்ப்பாளே, அது மாதிரி.

"பஸ்ஸையே போடுங்க," என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "பரீட்சை ஹாலுக்குப் பக்கத்துல ஒரு ரூமும்."

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். "நான் வெள்ளிக்கிழமையே கேட்டேன்ல?" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று பட்டது அவருக்கு.

கடைசி வரிசை தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. மலையில் ஒவ்வொரு வளைவிலும் சூப்பரிண்டெண்ட் எழும்பி உட்கார்ந்தார். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "எங்க மழை? எங்கடி மழை?" என்று மகளிடம் மூன்று தடவை கேட்டார். அவள் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் கட்டுப்போடும் முறைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாலே காலுக்கு இறங்கினார்கள். ஐந்து மணிக்குத் தேர்வுக் கட்டடம் வரை நடந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அறையிலிருந்து ஆறு நிமிடம்.

ஏழரைக்கு அவர் கைபேசி முனகியது. வேலைநிறுத்தம் வாபஸ். எல்லா வண்டிகளும் வழக்கம்போல் ஓடும்.

"போச்சு!" என்றார். எட்டு மணிக்கு வண்டி கிளம்பியதைக் கைபேசியிலேயே பார்த்தார். எட்டரைக்கு அது முதல் நிலையத்தைத் தாண்டியதைப் பார்த்தார். "ரெண்டு கீழ் பெர்த்தும்மா! காலியாப் போகுது!"

"அப்பா, அந்த வண்டியில நாம இல்ல. லைட்ட அணைங்க, நான் தூங்கணும்."

அணைத்தார். இருட்டிலும் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் கைபேசி வெளிச்சம் இருந்தது. அந்த வண்டி ஒரு மணி நேரம், வேண்டாம், ஒரு அரை மணி நேரமாவது தாமதமாகட்டும் என்று ஒரு அற்ப ஆசை. யாரிடமும் சொல்லக்கூடிய ஆசை அல்ல.

காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மகள் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். எட்டு மணி நேரம் தூங்கிய முகம். திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டவில்லை. நினைப்பெல்லாம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

சூப்பரிண்டெண்ட் மதில் ஓரமாக நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"அந்த வண்டி அஞ்சு அம்பத்தெட்டுக்கே வந்துடுச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடி! என் திட்டம் சரியாத்தான் இருந்திருக்கு, தெரியுமா?"

"பொண்ணு உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா."

"நல்லாத் தூங்கினாளா?"

"ம். நான்தான் தூங்கல."

"அப்ப போய் எதையாவது சாப்பிட்டுட்டு, அவ வர்ற வரைக்கும் அந்த ரூம்ல படுங்க. மலையில ராத்திரி பன்னெண்டுக்கு மண்ணு சரிஞ்சு ரோடு மூடிட்டாங்களாம், டிவியில சொல்றான். திரும்பி வர்றதுக்கு என்ன வழின்னு சாயங்காலம் சேர்ந்து பாக்கலாம்."

"சேர்ந்தா?" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"சேர்ந்துதான்," என்றாள் மனைவி. அவர் சாப்பாட்டுக் கடையைத் தேடி நடந்தார்.