நாலு மணிக்குள் டெபாசிட்

எங்கள் மில்லில் யாருக்கு எது புரியவில்லை என்றாலும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். பி.எஃப். மெசேஜ், ஆதாரில் பேர் திருத்தம், பேங்கிலிருந்து பேசினேன் என்று வந்த போன் நிஜமா பொய்யா, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்வது பிராங்கிளின் ஆகிய நான்தான். வருகைப் பதிவு, ஆள் சேர்ப்பு என்று பதினோரு வருஷமாக அதே நாற்காலி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

அன்று இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, பெண்கள் வரிசையாகக் கைரேகை வைத்துவிட்டு வேடசந்தூர் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாகஜோதி மட்டும் ஜன்னலருகே நின்றாள். ஸ்பின்னிங்கில் மூன்று வருஷமாக இருக்கிறாள். தபால் வழியில் பி.காம். முடித்தவள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் போனை நீட்டினாள்.

"அண்ணே, இதச் செத்த பாருங்க. கோயமுத்தூர்ல ஆபீஸ் வேலை கெடச்சிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள டெபாசிட் கட்டணுமாம். கட்டிரவா?"

வாட்ஸ்அப் பேச்சின் ஸ்கிரீன்ஷாட். அந்த ஆள் அனுப்பிவிட்டுச் சில மெசேஜை அழித்துவிடுகிறான், அதனால் படம் எடுத்து வைத்தேன் என்றாள். பெரிய கம்பெனி ஒன்றின் சின்னத்தை முகப்புப் படமாக வைத்த ஒரு சாதாரண செல்போன் நம்பர். 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். சம்பளம் இருபத்தெட்டாயிரம். பதிவு டெபாசிட் 3,850. முதல் சம்பளத்தோடு முழுவதும் திரும்பக் கிடைக்கும். மாலை நாலு மணிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.' கீழே ஜிபே நம்பர்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம்மா என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்களே. நான் சத்தமாக வாசித்தேன். இருபத்தெட்டாயிரம் என்று இழுத்துச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்டர்வியூ வச்சானா?" என்றேன்.

"இல்லண்ணே. சாட்டுலயே கேட்டாங்க."

"கம்பெனி வெப்சைட்ல இருக்கிற நம்பருக்குப் பேசுனியா?"

"அடிச்சேன். யாரும் எடுக்கல. இவருக்கு அடிச்சா ஒடனே எடுக்குறாரு."

"எடுப்பான், எடுப்பான். ஜிபேல பேரு என்ன வருது?"

"யாரோ ஒரு பொம்பள பேரு."

"பாத்துக்க. கம்பெனிக்குப் போற காசு கம்பெனி அக்கவுண்டுக்குல்ல போகணும்? ரசீது உண்டா? கெடையாது. எந்தக் கம்பெனிக்காரனாச்சும் வேலை குடுக்கிறதுக்கு முன்னாடி காசு கேப்பானா? பி.காம். படிச்சவதானே நீ?"

மறுபடி சிரிப்பு. நாகஜோதி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சந்தேகம் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"இங்க சேரும்போது நீங்க கேட்டீங்களேண்ணே. ரெண்டாயிரம். ஜோஸ்பின் அக்கா நம்பருக்குத்தானே ஜிபே போட்டேன். ரசீது குடுக்கல. திரும்பத் தருவோம்னுதான் சொன்னீங்க. காசு கட்டுன மறுநா வேலை குடுத்தீங்க. அதேன் இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

ஜோஸ்பின் என் மனைவி.

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. "அது வேற, இது வேற" என்றேன். வரிசையில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை இப்போது. "பஸ்ஸு போயிரும், கெளம்பு" என்று கைரேகை மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அவள் போனாள். போகும்போதே போனைத் திறந்து பார்த்துக்கொண்டு போனாள்.

நான் உட்கார்ந்தேன். அவள் கட்டப்போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வைத்திருக்கிற காசு அது. போன வாரம்தான் இதே ஜன்னலில், பீஸ் கட்ட அரை நாள் லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். 3,850 போனதோடு அவன் நிற்க மாட்டான். அடுத்து டிரெயினிங் பீஸ் கேட்பான், அப்புறம் லேப்டாப்புக்குக் கேட்பான், கட்டியதை விடக்கூடாதே என்று இவளும் கட்டிக்கொண்டே போவாள். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் சரி. அத்தனையும் எனக்கும் பொருந்தியதுதான் சங்கடம். தனி ஆள் பேர், ரசீது இல்லை, திரும்பக் கிடைக்கும் என்ற வாய்ச்சொல். என்னை வைத்து அவனை நம்புகிறாள்.

வெட்கமாக இருந்தது. சின்ன வயதில் மாதா கோயில் உண்டியலடியில் கிடந்த காசை எடுத்து மாட்டிக்கொண்டபோதுகூட இவ்வளவு இல்லை.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. எழுந்து ஓடினேன். நாற்பத்துமூன்று வயதில், பெல்ட்டுக்கு மேலே தொப்பை குலுங்க, கேட் வரைக்கும் ஓடி ஏறினேன். நாகஜோதி நடு சீட்டில் ஜன்னலோரம். போனில் ஜிபே திறந்திருந்தது. தொகையை அடித்துவிட்டாள். ரகசிய நம்பர் மட்டும் பாக்கி.

"நாகஜோதி, போடாத."

"இல்லண்ணே, யோசிச்சுப் பாத்தேன். நான் வேலைய விட்டுப் போயிருவேன்னுதான் நீங்க வேணாங்குறீங்களோன்னு..."

"அதில்ல. செத்த கேளு."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதோடு சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். அவளை அவமானப்படுத்தியது அத்தனை பேர் முன்னால்தானே.

"நெசமான கம்பெனி வேலைக்குக் காசு கேக்காது. நான் சொன்னது சரிதான். ஒங்கிட்டயும் நம்ம மில்லு கேக்கல."

"நீங்க கேட்டீங்களே."

"நான்தான் கேட்டேன். மில்லுக்குத் தெரியாது. டெபாசிட்டுன்னு இங்க ஒண்ணு கெடையவே கெடையாது. அந்த ரெண்டாயிரத்த நானே எடுத்துக்கிட்டேன். வேலை ஒனக்கு எப்படியும் கெடச்சிருக்கும். ஆள் பத்தலன்னு அப்பவே போர்டு வச்சிருந்தோம்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரெண்டாயிரம் எங்கே புரட்டினாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்க வாய் வரவில்லை.

அவள் ஜிபேயிலிருந்து வெளியே வந்தாள். வாட்ஸ்அப்பைத் திறந்து அந்த நம்பரை பிளாக் செய்தாள். "ஆதார் போட்டோ அனுப்பிட்டேனே" என்றாள் தனக்குத்தானே.

"நாளைக்கு சைபர் கிரைம் நம்பர் 1930க்குப் பேசுவோம். நான் கூட இருக்கேன்" என்றேன்.

"வேணாம். நானே பேசிக்கிறேன்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் படியை நோக்கி நகர்ந்தேன். பின் சீட்டிலிருந்து மணிமேகலை எழுந்தாள். பேக்கிங் செக்‌ஷன், அதிகம் பேசாதவள்.

"அப்ப போன வாரம் என் தங்கச்சிய சேத்தப்ப மூவாயிரம் வாங்குனீங்களே, அது?"

அதுவும் நான்தான் என்று சொன்னேன்.