மாதம் இருபத்தைந்து வெள்ளி

தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியை உமாதேவியின் கிரெடிட் கார்டில்தான், கம்போங் ராஜாவில் காய்கறி பயிரிடும் தம்பி யோகேஸ் ஆறாயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மருந்தடிக்கும் மிஷின் வாங்கினான். அதைப் பன்னிரண்டு மாதத் தவணையாக மாற்றச் சொன்னதும் அவன்தான். முதல் மாதம் ஐந்நூறு வெள்ளியை மேசையில் வீசினான்.

"ஐந்நூத்தி இருபத்தஞ்சு" என்றாள் உமாதேவி.

"வட்டியே இல்லன்னு பேங்க்ல சொன்னானே! தம்பிகிட்டயே சம்பாதிக்கிறியாக்கா?"

பில்லை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வட்டி இல்லதான்லா. தவணையா மாத்துனதுக்கு அஞ்சு சதவீதக் கட்டணம் இருக்கே! முந்நூறு வெள்ளி, முதல் பில்லுலயே நான் கட்டிட்டேன். மாசத்துக்கு இருபத்தஞ்சு வருது. உன் மிஷின், நீதான் குடுக்கணும்."

பில்லைப் படித்த யோகேஸின் முகம் கறுத்தது. இருபத்தைந்து வெள்ளியைத் தரையில் எறிந்துவிட்டுக் கிளம்பினான். உமாதேவி குனிந்து பொறுக்கினாள். அடுத்த மாதத்திலிருந்து அவன் மனைவிதான் பணம் கொண்டுவந்தாள், கணக்காக ஐந்நூற்று இருபத்தைந்து.