அறுபது லாட்டுக்கு ஒரு நியாயம்

பிரிசில்லாவுக்கு அடுத்த மாதம் எட்டாம் தேதியோடு நாற்பது வயது முடிகிறது. அதைப் பற்றி அவளுக்கு வேறு எந்த வருத்தமும் கிடையாது. தலையில் நரை விழுந்தால் மருதாணி இருக்கிறது. ஆனால் அவள் நம்பியிருக்கும் அரசாங்க ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்கு நாற்பது முடிந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. இன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். இதை விட்டால் அவ்வளவுதான், கல்லூரி வேதியியல் வகுப்பில் அமில வீரியம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற வேண்டியதுதான்.

மூன்று முறை வேறு வேறு இடங்களில் விண்ணப்பித்து, மூன்று முறையும் போச்சு. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்களே, துணியை முன்கூட்டியே ஒரு மருந்தில் நனைத்தெடுத்தால் அந்த உப்பில் பாதி போதும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. திருப்பூரில் இருந்துகொண்டு இதைவிட உருப்படியாக என்னத்தை ஆராய்வது? விஷயம் நல்ல விஷயம் என்று மூன்று முறையும் சொன்னார்கள். நிராகரித்த காரணம் மட்டும் ஒன்றேதான்: 'சாய இயந்திரத்துக்கான நியாயப்படுத்தல் போதுமானதாக இல்லை.'

போதவில்லையாம்! கல்லூரி ஆய்வுக்கூடத்தின் வடக்கு மூலையில் அந்த இயந்திரத்துக்கென்றே அவள் நான்கு வருடமாக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். பெருக்க வரும் வேலாத்தாள் அங்கே துடைப்பத்தைச் சாத்தினால்கூட அவளுக்குக் கோபம் வரும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, வேலம்பாளையம் வீட்டில், மடிக்கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. மொத்தத் தொகை உச்சவரம்பைத் தாண்டிவிட்டதாம். இந்தத் திட்டத்தில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து முப்பது லட்சம்தான். அவளுடைய கணக்கு முப்பத்தாறு லட்சத்து முப்பதாயிரத்தில் நின்றது.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்தாள்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்த ராபின், பையை அடுக்களையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். ராபின் அவள் புருஷன். ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கு விலை சொல்வதும், அவன் குறைக்கச் சொன்னால் குறைப்பதுபோல் குறைக்காமல் இருப்பதும், கப்பல் ஏறும் தேதியைத் துரத்துவதும்தான் பதினெட்டு வருடமாக அவனுடைய பிழைப்பு.

"தள்ளு, நான் பாக்கேன்" என்றான்.

"இது டீசர்ட் இல்லைங்க. ஆராய்ச்சி."

"எதா இருந்தாலும் பையர்னு ஒருத்தன் இருக்கான்லா? அவன் கைல துட்டு இருக்குல்லா? அப்புறமென்ன."

முதல் வேலையாக எல்லாச் செலவுத் தலைப்பிலும் பதினைந்து சதவீதம் ஏற்றச் சொன்னான். எப்படியும் குறைப்பார்களாம். ஏற்கெனவே ஆறு லட்சம் கூடுதல் என்று அவள் பல்லைக் கடித்தாள். பிறகு துணி, சாயம் முதலான நுகர்பொருள் தலைப்புக்கான நியாயப்படுத்தல் பெட்டியில் அவள் அசந்த நேரம் பார்த்து என்னவோ தட்டினான். படித்துப் பார்த்தால், 'வேஸ்டேஜ் ஏழு சதவீதம், ரிஜெக்சன் மூன்று சதவீதம், லாபம் எட்டு சதவீதம்' என்று இருந்தது.

"லாபமா! அரசாங்கத்துக்கிட்ட லாபம் கேக்கச் சொல்லுதியளா?"

"லாபம் இல்லாம எவனாவது ஆர்டர் எடுப்பானா?" அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "சரி, இது என்ன? நிறுவன மேல்செலவு பத்து சதவீதம்?"

"அது காலேஜுக்கு. இடம், கரண்ட்டு, தண்ணிக்கெல்லாம். அதுவே தானாக் கூட்டிக்கும்."

"ஓ, நடுவுல நிக்கிற பையிங் ஹவுஸ் கமிசன்" என்று தலையாட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அழுகை பிடித்துத் தள்ளியது.

அழுகையினூடே ஒரு முடிவுக்கும் வந்தாள். ஆராய்ச்சி உதவியாளரின் சம்பளத் தலைப்பை எடுத்துவிடலாம். மூன்று வருடத்துக்குப் பதின்மூன்று லட்சம். எடுத்தால் கணக்கு அடங்கிவிடும்.

"வேலைய யாரு பாக்க?" என்றான் ராபின்.

"நான்தான்."

"வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிளாசு எடுத்துட்டு, பேப்பர் திருத்திட்டு, காலேஜ் டேக்குக் கோலப்போட்டி வேற நடத்திட்டு. நீ நல்லா பாப்ப." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இப்போது குரலில் கேலி இல்லை. "பிரிசில்லா, பையர் முப்பதுன்னு டார்கெட் விலை சொல்லிட்டான். நாங்க மேலருந்து கீழதான் வருவோம். ஒவ்வொண்ணா சொல்லு. எதுல ரொம்ப போகுது?"

சொன்னாள். சாய இயந்திரம் பத்து லட்சம். நிறம் அளக்கும் கருவி நான்கு லட்சம். ஆள் சம்பளம் பதின்மூன்று. துணி, சாயம், மருந்து நான்கு. பயணம் ஒன்று. எதிர்பாராச் செலவு ஒன்று.

"சாய மிஷின் என்னத்துக்கு வாங்குத?"

"சாயம் போட."

"எங்க கம்பெனி மாசம் ரெண்டு லட்சம் பீஸ் அனுப்புது. எங்ககிட்ட ஒரு சாய மிஷின் இருக்கா? நிட்டிங் மிஷின் இருக்கா? எல்லாம் ஜாப் ஒர்க். துணியக் குடுத்து, கூலியக் குடுத்து, வாங்கிட்டு வாறோம். ஊரே அப்படித்தான ஓடுது. நீ மட்டும் ஒத்தையா மிஷின் வாங்கி மூலைல வச்சு மாலை போடப் போறியா?"

பிரிசில்லாவுக்குச் சுருக்கென்றது. நான்கு வருடத்து மூலை அது. 'ஆராய்ச்சின்னா அப்படித்தான், சொந்தமா கருவி வேணும்' என்று சொல்ல வாயெடுத்தாள். மூன்று நிராகரிப்புக் கடிதமும் நினைவுக்கு வந்தன. திருப்பூரில் இருந்துகொண்டு சாய இயந்திரம் கேட்டால் எவன்தான் கொடுப்பான்? அம்மா பதினைந்து வருடம் பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் பொத்தான் துளைக் காஜா அடித்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். ஜாப் ஒர்க்கில் வளர்ந்த பிள்ளைக்கு இது தோன்றவில்லையே! வெட்கமாக இருந்தது.

"கூலிய எந்தத் தலைப்புல போட?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு தானே தேடினாள். பட்டியலின் அடியில் 'வெளியில் செய்விக்கும் பணிகள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. பழைய மூன்று விண்ணப்பத்திலும் இதுபோல் ஒன்று இருந்தது, பூஜ்யம் போட்டுத் தாண்டிப் போயிருக்கிறாள்.

அந்தத் தலைப்புக்கு, கூலி இவ்வளவு என்று பட்டறைக்காரர் எழுதித் தரும் விலைப்புள்ளியை இணைக்க வேண்டும். மணி மூன்று. நல்லூர்ப் பக்கம் சிறிய சாயப்பட்டறை வைத்திருக்கும் அங்கமுத்துவுக்கு ராபின் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பத்து கிலோ சாம்பிள் மெஷின் இருக்குதுங்க டீச்சர். ஒரு தடவ ஓட்டற லாட்டுக்கு ஆறாயிரமுங்க. எத்தன லாட்டு வருமுங்க?"

"அறுபதுங்க."

"நாளைக்கேங்களா?"

"இல்லீங்க. மூணு வருசத்துக்கு."

லைன் போய்விட்டதோ என்று ராபின் போனைத் தட்டிப் பார்த்தான்.

"அறுபது லாட்டுக்கு மூணு வருசமுங்களா?" என்றார் அங்கமுத்து கடைசியில், துக்கம் விசாரிக்கும் குரலில். "நான் ரெண்டு வாரத்துல முடிச்சிருவனுங்களே."

அவள் விளக்கினாள். ஐந்து நிறம். ஒவ்வொன்றிலும் உப்பு நான்கு அளவு. ஒவ்வோர் அளவையும் மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும். ஆக அறுபது. ஒவ்வொரு துணியையும் துவைத்து, வெயிலில் வைத்து, தேய்த்து, நிறம் அளந்த பிறகுதான் அடுத்த லாட்டுக்கு மருந்தின் அளவை மாற்ற முடியும். அங்கமுத்து கேட்டுக்கொண்டே வந்தவர், "பொறுமைசாலிங்க நீங்க" என்றார். "ஆனா ஒண்ணுங்க. டிசம்பர்லிருந்து மார்ச்சு வரைக்கும் எங்கிட்ட மெஷின் கெடைக்காதுங்க, சம்மர் ஆர்டர் ஓடும். தீபாவளிக்குப் பதினஞ்சு நாளு பட்டறையே மூடிருவமுங்க. தெக்கத்திக்காரங்களும் இந்திக்காரங்களும் ஊருக்குப் போனா லேசுல வரமாட்டாங்க. அத இப்பவே சொல்லிப்போடறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

அரை மணி நேரத்தில் விலைப்புள்ளி வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே பிள்ளையார் படம், நடுவே விலை, கீழே 'பாதிப் பணம் முன்பணம்' என்று அடிக்கோடு. முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தன. போதும்.

இயந்திரத்தின் பத்து லட்சத்தை அழித்தாள். விரல் ஒரு நிமிடம் அந்தப் பொத்தானிலேயே நின்றது. மனசு கனத்தது. அழித்த பிறகு, மூன்று லட்சத்து அறுபதாயிரத்தை வெளியில் செய்விக்கும் பணிகளில் போட்டாள். எல்லாம் சேர்ந்து இருபத்தாறு லட்சத்து அறுபதாயிரம். கல்லூரியின் பத்து சதவீதம் கூடியதும் இருபத்தொன்பது லட்சத்து இருபத்தாறாயிரம். சிவப்பு வரி மறைந்தது. உதவியாளர் தலைப்பு அப்படியே இருந்தது.

"அப்போ பதினஞ்சு சதவீதம்?" என்றான் ராபின்.

"கிடையவே கிடையாது."

"குறைக்காம ஒரு பையர் ஓகே சொன்னா அன்னைக்கு எனக்குத் தூக்கமே வராது, தெரியுமா?"

"முழிச்சுக் கிடங்க."

இனி கால அட்டவணை. பழைய விண்ணப்பத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப் போனாள்: முதல் ஆறு மாதம் நூல்களை வாசித்தல், அடுத்த ஆறு மாதம் இன்னது, அதற்கடுத்த ஆறு மாதம் இன்னது. ராபின் அதைப் பார்த்துவிட்டு, "தோசை சுட்டு அடுக்குன மாதிரி இருக்கு. கப்பல் தேதிலருந்து பின்னால வரணும்" என்றான். முப்பத்தாறாம் மாதம் இறுதி அறிக்கை என்று எழுதிவிட்டுப் பின்னோக்கி நடந்தான். அறிக்கை எழுத மூன்று மாதம், சரிபார்க்க இரண்டு, அங்கமுத்துவின் டிசம்பர் மார்ச்சு, மூன்று தீபாவளி, ஆள் எடுக்க, துணி வாங்க... விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து நின்றான்.

"நாலு மாசத்துக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருக்கணும்."

"என்னது!"

"பதறாத. எங்க எல்லா ஆர்டரும் இப்படித்தான் வரும்."

பிரிசில்லா அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பட்டறையில் இயந்திரம் கிடைக்காத நான்கு மாதத்தில், ஏற்கெனவே சாயமேறிய துணிகளைச் சோதிக்கலாமே. வாசிப்பதையும் எழுதுவதையும் அங்கேதான் தள்ள வேண்டும். தள்ளினாள். நான்கு மாதம் மீண்டது, அட்டவணை முப்பத்தாறுக்குள் வந்து உட்கார்ந்தது. தீபாவளிக்கும் ஒரு கட்டம் விட்டு, 'சாயப்பட்டறை விடுமுறை, பதினைந்து நாள், பணி இல்லை' என்று எழுதினாள். நடுவில் ஒருமுறை இணையதளம் அவளை வெளியே தள்ளிவிட்டது. சேமித்து வைத்திருந்ததால் பிழைத்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்குச் சமர்ப்பித்தாள். கறி அப்போதும் பையிலேயே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து நேர்காணல், அதுவும் வீட்டுக் கணினியில்தான். ஐந்து முகங்கள். பத்து நிமிடம் பேசவிட்டுக் கேட்டார்கள். தீபாவளிக் கட்டத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தார். இயந்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில், தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பணி நன்று, டாக்டர். ஆனால் இருபது சதவீதம் குறைத்துக்கொள்ள முடியுமா?"

கதவுக்குப் பின்னால் ராபின் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிரிசில்லா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டால் நிதி கிடைக்கும், ஆள் இருக்காது. முடியாது என்றால் ஒன்றுமே இருக்காது. வாயைத் திறந்தாள். வந்த பேச்சு அவளுடையதா, பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு ஊறியதா, அவளுக்கே தெரியவில்லை.

"கூலியைக் குறைக்க முடியாது சார், விலைப்புள்ளி இணைத்திருக்கிறேன். லாட்டின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இருபது சதவீதம் என்றால் அறுபது லாட்டில் பன்னிரண்டு போகும். பன்னிரண்டு என்பது சரியாக ஒரு நிறம். எந்த நிறத்தை விடட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். உப்பு அதிகம் பிடிப்பது கறுப்பு. கறுப்பை விட்டுவிடவா?"

ஐந்து முகங்களும் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் இருந்தது. தீபாவளிக்குச் சிரித்தவர்தான் முதலில் பேசினார்.

"கறுப்பு இல்லாமல் எதற்கு இந்த ஆராய்ச்சி?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்" என்றாள் பிரிசில்லா, மிகுந்த பணிவோடு.

ஒப்புதல் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தாள். அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "இருபத்தொன்பது லட்சத்து இருபத்தாறாயிரம். ஒரு ரூபா குறைக்கலைங்க!" என்று கடிதத்தை ராபினிடம் நீட்டினாள்.

ராபினுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. கடிதத்தை வாங்கி, தொகையை விரலால் தடவி, மேலும் கீழும் படித்தான். மெல்ல மெல்ல அவன் முகம் வாடியது.

"ஒரு ரூபாகூடவா குறைக்கல?" என்றான். "அட பாவி மவளே, கம்மியாக் கேட்டுட்டியே!"