நூற்று அறுபதுக்குக் குறையாத கட்டை

அன்று காலை பத்து மணிக்குள் அவள் நடந்த நடையில், மொட்டை மாடித் தளம் இரண்டு மில்லிமீட்டராவது தேய்ந்திருக்கும். அவளுக்குக் கட்டடக்காரர்கள் வைத்த பெயரே 'மில்லிமீட்டர்' என்பதால், அந்த இரண்டையும் அவளே அளந்து கணக்கில் சேர்த்திருப்பாள் என்று கொத்தனார் தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். அவள் காதில் விழாமல்தான். விழுந்தால் சிரிப்பையும் அளந்துவிடுவாள்.

அவள் கட்டமைப்புப் பொறியாளர். பக்கத்தில் பளபளவென்று நிற்கும் ஏழு மாடிப் புதுக் கட்டடத்துக்குத் தூண், உத்தரம், தளம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவள். இன்று அவள் கையெழுத்துப் போட்டால் நாளை ஆட்கள் குடிவருவார்கள். ஆனால் அவள் நின்றிருந்தது அந்தக் கட்டடத்தின் மேல் அல்ல, ஒட்டினாற்போல் நிற்கும் நாலு தளப் பழைய கட்டடத்தின் மேல். அதன் உச்சித் தளத்தில் அவளுடைய அக்கா குடியிருக்கிறாள். சும்மா உட்கார முடியாமல் மூன்று வாரமாக அவளை விரட்டியதும் அந்த அக்காவின் சமையலறைதான்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலை, பூமி லேசாக ஒரு தும்மல் போட்டது. பன்னிரண்டு வினாடி. ஊரில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. ஆனால் அந்தத் தெரு முழுக்க ஒரே ஒரு வீட்டில் மட்டும் சுவர் விரிசல் விட்டு, சமையல் மேடையை ஒட்டிய டைல்ஸ் நாலு பெயர்ந்து விழுந்தன. அக்கா வீட்டுச் சமையலறையில், புதுக் கட்டடத்தைப் பார்த்த சுவரில், தூணை ஒட்டி.

"நீ கட்டின கட்டடம் என் வீட்டை இடிக்குதுடி" என்று அக்கா போனிலேயே அழுதாள். அந்த வாக்கியம் முள்ளாகத் தைத்துவிட்டது.

இரண்டு கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நிலம் குலுங்கும்போது ஒன்று போகும் வேகத்தில் மற்றொன்று போகாது. உயரம் வேறு, எடை வேறு, ஆட்டமும் வேறு. ஒன்று வலப்பக்கம் சாயும் நேரத்தில் மற்றது இடப்பக்கம் சாய்ந்தால், கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல முட்டிக்கொள்ளும். இங்கே தளங்களின் மட்டமும் வேறு. புதுக் கட்டடத்தின் தளத்து விளிம்பு, பழைய கட்டடத்துத் தூணின் நட்டநடுவில் வந்து இடிக்கும். தளத்தோடு தளம் மோதினால் காயத்தோடு போகும். தூணின் வயிற்றில் கத்தி விளிம்பு இறங்கினால் அந்தத் தூண் பிழைக்காது. தூண் போனால் அதன் மேல் இருக்கும் தளம் கீழே வரும். அந்தத் தளத்துக்குக் கீழேதான் அக்கா தோசை சுடுகிறாள்.

அதனால்தான் நடுவில் இடைவெளி. கம்ப்யூட்டர் தந்த அசைவு, குட்டைக் கட்டடத்தின் உச்சி மட்டத்தில், புதியதற்குப் பதினாலு மில்லிமீட்டர், பழையதற்கு முப்பது. ஆனால் அது குறைத்துப் போட்ட விசைக்கு வரும் கணக்கு. நிஜக் குலுக்கலில் கட்டடம் அதைப்போலப் பலமடங்கு வளையும். புதியதற்கு ஐந்து மடங்கு, எழுபது. பழையதற்கு மூன்று மடங்கு, தொண்ணூறு. இரண்டும் எதிரெதிராக வந்தால் நூற்று அறுபது. வேலையின் கோணல்களுக்கு இருபது சேர்த்து, வரைபடத்தில் நூற்று எண்பது எழுதினாள். பழைய கட்டடத்துக்காரர்கள் அந்தக் காலத்திலேயே எல்லைக்கோட்டில் மூக்கை வைத்துக் கட்டிவிட்டதால், மொத்த இடத்தையும் புதியதுதான் விட்டுக்கொடுத்தது.

இந்தக் கணக்கை மூன்று வாரத்தில் அவள் பதினேழு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். பதினேழு தடவையும் சரி. தப்பு கிடைத்திருந்தால் தூங்கியிருப்பாள்.

"மேடம், கம்ப்யூட்டரே நாப்பத்தி நாலுன்னுதான் சொல்லுது" என்றார் கான்ட்ராக்டர், நாலாவது தடவையாக. "நீங்க அதை நாலு மடங்காக்கி, என்கிட்ட அரை அடி நெலத்தை அநியாயமா வாங்கிட்டீங்க. இப்ப அதுக்குள்ள கட்டையைத் தொங்கவிட்டு மீன் பிடிக்கப் போறேங்கறீங்க."

"பதினாலும் முப்பதும் சின்ன விசைக்கு வந்த கணக்குங்க. பெருக்காம விட்டா அது பாதிக் கணக்கு. நல்ல குலுக்கல் வந்தா ரெண்டு கட்டடமும் பெருக்கிக் காட்டும், அப்ப நீங்களும் நானும் உள்ள இருக்கக் கூடாது."

"எனக்கு நாளைக்கு ஆளுங்க குடிவரணும் மேடம். அதான் என் கணக்கு."

"கட்டை கீழ போய்ச் சேர்ந்தா இப்பவே கையெழுத்து."

கட்டை என்பது அவளே தச்சரிடம் செய்வித்த மரத்துண்டு. சரியாக நூற்று அறுபது மில்லிமீட்டர் அகலம். கயிற்றில் கட்டி, இடைவெளிக்குள் மேலிருந்து இறக்க வேண்டும். எங்கும் நிற்காமல் தரையைத் தொட்டால் அந்த இடம் சுத்தம். ஏழு இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாள்.

முதல் கோடு: சரசரவென்று இறங்கி, கீழே டொப். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் டொப், டொப், டொப். கான்ட்ராக்டர் பேனா மூடியைத் திறந்தே விட்டார்.

ஐந்தாவது கோடு, அக்காவின் சமையலறைக்கு நேர்மேலே. கைப்பிடிச் சுவரிலிருந்து ஒன்பதடி போனதும் கயிறு தொய்ந்தது. கட்டை நின்றுவிட்டது. அவள் கயிற்றை ஆட்டினாள், தூக்கிப் போட்டாள். 'ணங்' என்ற சத்தம்தான் வந்தது. மரத்தின் மேல் மரம் விழுந்த சத்தமில்லை. செங்கல் சத்தம்.

அவள் முகத்தில் ஒரே நேரத்தில் ரத்தம் வடிந்ததும் ஏறியதும் நடந்தது என்று கொத்தனார் பிறகு சொன்னார். பார்த்தவர் அவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கொத்தனாரே, செருப்புல ஏதாவது கணக்கு எழுதியிருக்கா?"

"இல்லம்மா... அது வந்து... நீங்கதான் சொன்னீங்களாமே."

"நான் எதைச் சொன்னேன்?"

"உங்க அக்காதாம்மா சொன்னாங்க. 'இன்ஜினியர் என் தங்கச்சிதான், அவகிட்ட சொல்லிட்டேன், நீங்க அடைங்க'ன்னு."

அவள் படிகளில் இறங்கவில்லை, பாய்ந்தாள். பின்னால் கான்ட்ராக்டர், கொத்தனார், கயிறு.

அக்கா சமையலறையில் இருந்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், நாற்காலியில் செய்தித்தாளைக் கேடயமாகப் பிடித்திருந்தார்.

"அக்கா, அந்தச் சின்ன சன்னலுக்கு வெளியே என்ன செஞ்சீங்க?"

"என்னடி செஞ்சோம்? புறாத் தொல்லை. உங்க மாமாவுக்கு மதியத் தூக்கம் போச்சு. 'குர்ர் குர்ர்'னு பத்தாயிரம் புறா!"

"பதினோராயிரம்" என்றார் மாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"உன் ஆளு நல்ல மனுஷன். டீ குடுத்தேன், சன்னலுக்குள்ள கையை விட்டு, ரெண்டு சுவருக்கும் நடுவுல செங்கலை ஆப்பா இறுக்கி, கலவை போட்டு, ஒரு திட்டு மாதிரி அடைச்சுக் குடுத்துட்டார். ஒரு புறா வரலையே!"

"எவ்வளவு ஆழம் கொத்தனாரே?"

"ரெண்டடி ஆழம்மா. நல்லா கெட்டியா. சிமெண்ட் கொஞ்சம் தாராளமாவே போட்டேன்" என்றார் அவர், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "அதிகமோ?" என்றார்.

அவள் பெயர்ந்த டைல்ஸைக் காட்டினாள். "அக்கா, இது நான் கட்டின கட்டடம் வந்து இடிச்சதில்லை. அது இன்னும் உங்க வீட்டைத் தொடவே இல்ல. நீங்க வெச்ச செங்கல் தொட்டுச்சு. நடுவுல நான் நூத்தி எண்பது காலியா விட்டிருந்தேன், நீங்க அதை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க. பூமி தும்மினதுக்கே டைல்ஸ் போச்சு. அது உண்மையா இருமினா, அந்தச் செங்கல் உங்க தூண் வயித்துல குத்தும். அப்புறம் உங்க தலைக்கு மேல இருக்குற தளம்..."

அவள் கையை மட்டும் கீழே இறக்கிக் காட்டினாள். மாமாவின் செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது.

அக்கா சுவரின் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். "ஏன்டி, சொல்ல வேண்டியதுதானே, நடுவுல சந்து இருக்கணும்னு?"

"உன் வீட்டுக்கு முதல் நாளே வந்து சொன்னேன். நீ புறாவைப் பத்திப் பேசிட்டு இருந்தே."

"சரி, இப்ப எப்படி எடுக்கறது?"

மேலிருந்து உடைத்தால் சில்லுகள் கீழே விழுந்து, இன்னும் ஆழத்தில் சிக்கிக்கொள்ளும். உள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். சன்னலுக்குக் கீழே, மேடைக்குப் பின்னால், தூண்களுக்கு இடையே நிரப்பிய செங்கல் சுவரை, தூணைத் தொடாமல், இரண்டடிக்கு இரண்டடி பெயர்த்து, சாந்துக் கட்டியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் அக்காவின் மேடை, மீதியிருக்கும் டைல்ஸ், பருப்பு டப்பா வரிசை எல்லாம் போகும்.

"எதிர்ப்பக்கமிருந்து உடைச்சா?" என்று கேட்ட மாமாவை நோக்கி, "என் புது அறையா? பெயிண்ட் காயவே இல்ல!" என்று கான்ட்ராக்டர் பாய்ந்தார்.

"அங்க தளத்து விளிம்பு குறுக்க நிக்குது. கை எட்டாது" என்றாள் அவள்.

அக்கா ஒரு டப்பாவை எடுத்து மாமாவின் மடியில் வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். "புறாவுக்குப் பயந்தவர்தானே, இதையாவது புடிங்க. கொத்தனாரே, உடைங்க. இந்தத் தடவை டீ கிடையாது."

சாயங்காலம் வரை சமையலறை புழுதியில் மூழ்கியது. மாமாவின் மீசை வெள்ளையானது, அது ஏற்கெனவே வெள்ளைதான் என்றாலும். கட்டி கட்டியாகச் சாந்து உள்ளே வந்தது. கொத்தனார் ஒவ்வொன்றையும் குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையால் எடுத்தார், ஒரு சில்லும் கீழே விழவில்லை. அவள் தொட்டியில் சேரும் கட்டிகளை எண்ணிக்கொண்டே நின்றாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. கான்ட்ராக்டருக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தாள். சந்தின் வாயை மூட மடிப்புத் தகடும் புறாவலையும் வாங்கி வரச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சிடலாம்ல?"

"ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கம் வழுக்கிட்டுப் போகணும். அடிச்சீங்கன்னா அதுவும் அடைப்புதான்."

"புறா கூட ஒரு பக்கம் மட்டும்தான் உட்காருமா?" என்று மாமா கேட்டார்.

கடைசிக் கட்டி வந்த பிறகு அவள் மேலே ஓடினாள். இருள் விழ இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கயிற்றை எடுக்கப் போன கையிலிருந்து அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நானே விடறேன். என் தூணு."

ஐந்தாவது கோடு. கட்டை இறங்கியது. ஒன்பதடியில் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். கயிறு தொய்யவில்லை. இருபது அடி, முப்பது அடி. கீழே டொப். அக்கா கயிற்றை மறுபடி மேலே இழுத்து, இன்னொரு தடவை விட்டாள். நம்பிக்கையில்லாமல் மூன்றாவது தடவையும்.

கான்ட்ராக்டர் பேனாவை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கோடு இருக்கு" என்றாள் அவள். வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா ஏற்கெனவே ஆறாவது கோட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.